காலனிப் பொங்கல் விழா: அழைப்பிதழ், அலங்காரம், மைக்செட்டுக்கு எவ்வளவு ஆகும், வீட்டுக்கு எவ்வளவு கேட்பது?

குடியிருப்போர் சங்கத்தில் புதிதாகப் பொருளாளர் ஆனவர்களுக்கு வரும் முதல் பெரிய வேலை பெரும்பாலும் பொங்கல் விழாவாகத்தான் இருக்கும். கூட்டத்தில் யாராவது ஒருவர் "போன வருஷம் வீட்டுக்கு முந்நூறு வாங்கினோம், இந்த வருஷமும் அதையே வாங்கிடலாம்" என்பார். எல்லோரும் தலையாட்டுவார்கள். விழா முடிந்த மறுநாள் மைக்செட்காரர் பாக்கிக்கு வந்து நிற்கும்போது அந்த முந்நூறு போதாது என்று தெரியவரும். செலவை முதலில் போட்டு, அதிலிருந்து வீட்டுக்கு எவ்வளவு என்று வரவேண்டும். அதை எப்படிச் செய்வது என்று திருச்சிப் பக்கத்துக் காலனி ஒன்றை மனத்தில் வைத்துச் சொல்கிறேன். 180 வீடுகள், ஒரு சமுதாயக் கூடம், ஒரு நாள் விழா. கீழே வரும் விலைகள் கணக்குப் புரிவதற்காக நான் வைத்துக்கொண்டவை. உங்கள் ஊரில் கேட்டு, அந்தந்த இடத்தில் உங்கள் எண்ணைப் போட்டுக்கொள்ளுங்கள்.

தேதியிலேயே பாதி செலவு முடிவாகிவிடும்

பொங்கலுக்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமை என்றுதான் பலருக்கும் தோன்றும். ஆனால் தை பிறந்தவுடன் கல்யாண முகூர்த்தங்கள் ஆரம்பித்துவிடும். மண்டபம், பந்தல்காரர், மைக்செட், பூ எல்லாவற்றுக்கும் கிராக்கி. அதே விழாவைப் பொங்கலுக்கு முந்தைய ஞாயிறு, அதாவது மார்கழிக் கடைசியில் வைத்தால், கல்யாணம் இல்லாத மாதம் என்பதால் கூடமும் ஆட்களும் பேசிய விலைக்குக் கிடைப்பார்கள். கரும்பும் வாழையும் அதற்குள் சந்தைக்கு வந்துவிடும். பொங்கலுக்கு இரண்டு மூன்று நாள் முன்பு பூ விலை ஏறும், ஞாயிறு அதற்கு முன்னால் விழுந்தால் அதிலிருந்தும் தப்பலாம். தையில்தான் வைப்போம் என்று கூட்டம் முடிவு செய்தால், தினசரிக் காலண்டரைத் திருப்பி அந்த ஞாயிறு முகூர்த்த நாளா என்று பார்த்துவிட்டு ஒப்புக்கொள்ளுங்கள். அதைப் பார்க்காமல் விலை விசாரிக்கப் போனால், ஒரே மைக்செட்டுக்கு இரண்டு பேர் இரண்டு விலை சொல்வது ஏன் என்று புரியாது.

தேதி முடிவானதும் கூடத்தைப் பதிவு செய்யும்போது வாடகையோடு மூன்று விஷயங்களைக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். சாவி எத்தனை மணிக்குக் கிடைக்கும்? கரண்ட் செலவு வாடகையில் சேர்த்தியா, மீட்டர் பார்த்துத் தனியா? சுவரில் ஆணி, டேப் அனுமதி உண்டா? விழா நாள் காலை ஆறு மணிக்குத்தான் சாவி என்றால், முதல் நாள் இரவு அலங்காரம் செய்ய முடியாது. அப்போது அரை நாள் வாடகை கூட ஆகும், அல்லது அலங்காரத்தைக் குறைக்க வேண்டும். ஆணி அடித்தால் முன்பணத்தில் பிடித்துக்கொள்வார்கள்.

அழைப்பிதழ்: எத்தனை பிரதி என்பதுதான் கேள்வி

அழைப்பிதழ் விலையில் புதியவர்களுக்குப் புரியாத ஒன்று உண்டு. 300 பிரதிக்கு 4,800 ரூபாய் சொல்லும் அச்சகம், 500 பிரதிக்கு 5,400தான் சொல்லும். ஆஃப்செட்டில் பல வண்ண வேலைக்கு நான்கு பிளேட் போட வேண்டும், இயந்திரத்தை அதற்காகத் தயார் செய்ய வேண்டும். முதல் பிரதி வெளியே வருவதற்குள் செலவில் பெரும்பகுதி முடிந்துவிடுகிறது. அதற்குமேல் கூடுவது காகித விலைதான். மாறாக டிஜிட்டல் பிரிண்டில் ஒவ்வொரு பிரதிக்கும் ஒரே விலை. 10 அடித்தாலும் 200 அடித்தாலும் பிரதிக்கு 18 ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

நமக்கு எத்தனை வேண்டும்? 180 வீடு, விருந்தினர், நன்கொடையாளர், வார்டு உறுப்பினர் என்று 30, கையில் இருக்க 20. ஆக 230. டிஜிட்டலில் 230 x 18 = 4,140. ஆஃப்செட்டில் 300-க்கு 4,800. இந்த விலைகளில் 267 பிரதியைத் தாண்டினால்தான் ஆஃப்செட் லாபம். நமக்கு டிஜிட்டலே போதும். வடிவமைப்புக் கூலி 600, விருந்தினருக்கு மட்டும் 40 கவர் 200. மொத்தம் 4,940. சரி, 5,000 என்று எழுதிக்கொள்வோம். எல்லா வீட்டுக்கும் கவர் போடுவது வீண். கையில் கொடுக்கும் அழைப்பிதழைக் கவரிலிருந்து எடுத்து டேபிளில் வைத்துவிட்டுக் கவரைக் குப்பையில் போடுவார்கள்.

புரூஃப் பார்ப்பதில் அவசரம் காட்ட வேண்டாம். தேதியையும் கிழமையையும் காலண்டரோடு ஒப்பிட வேண்டும், எழுத்துப் பிழையைவிட அதுதான் அதிகம் தப்புகிறது. வாட்ஸ்அப்பில் நீங்கள் அனுப்பும் யூனிகோடு எழுத்தை டி.டி.பி. கடையில் பழைய எழுத்துருவுக்கு மாற்றும்போது "ஸ்ரீ" காணாமல் போகும், கொம்பும் காலும் இடம் மாறும். அதனால் திரையில் பார்ப்பதோடு விடாமல், பி.டி.எஃப். வாங்கி ஒரு பிரதி அச்சிட்டு, காலனியில் கண்கூர்மையான ஒருவரிடம் கொடுங்கள். பெயருக்கு முன்னால் இருக்கும் இனிஷியலை அவரவரிடமே கேட்டுவிடுவது உத்தமம்.

நன்கொடையாளர் பெயரை அழைப்பிதழில் போடுவதா என்பது எப்போதும் வரும் பேச்சு. போடுவதாக இருந்தால் ஒரு கடைசித் தேதி வையுங்கள். அதற்குள் பணம் வந்தவர் பெயர் அகர வரிசையில், தொகை இல்லாமல். "தருகிறேன்" என்றவர் பெயரை அச்சில் ஏற்றிவிட்டால் பிறகு கேட்பதும் சங்கடம், விடுவதும் சங்கடம்.

பேனர் விஷயத்தில் ஒரு எச்சரிக்கை. தெருமுனையிலோ சாலையோரத்திலோ வைக்கும் டிஜிட்டல் பேனருக்கு முன் அனுமதி வேண்டும். 2019 செப்டம்பரில் சென்னை பள்ளிக்கரணையில் பேனர் விழுந்து, ஸ்கூட்டரில் போன இளம்பெண் உயிரிழந்த பிறகு கெடுபிடி அதிகம். அந்தச் செலவையும் அலைச்சலையும் விட்டுவிட்டு, கூடத்தின் உள்ளே மேடைக்குப் பின்னால் ஒன்று மட்டும் வைப்பதுதான் என் யோசனை.

அலங்காரம்: டேப் எடுத்து அளந்துவிட்டுப் பேசுங்கள்

"ஹாலுக்கு நல்லா டெக்கரேஷன் பண்ணித் தரணும், எவ்வளவு ஆகும்?" என்று கேட்டால், எதிரில் இருப்பவர் உங்களை அளந்து ஒரு விலை சொல்வார். நீங்கள் முந்திக்கொண்டு கூடத்தை அளந்துவிடுங்கள். நம் கூடத்தில் மேடைப் பின்சுவர் 20 அடிக்கு 10 அடி. பின்திரைக்கு 200 சதுர அடி. சதுர அடி 15 ரூபாய் என்றால் 3,000, மாட்டுவதற்கான சட்டத்துக்கு 1,500. சட்டம் தனிக்காசா என்று கேட்கவில்லையென்றால் விழா அன்றுதான் அது தெரியும்.

பூவை நீளத்தில் கணக்கிடுங்கள். வாசல் 12 அடி அகலம், இரண்டு பக்கமும் 10 அடி உயரம். ஆக 32 அடி. சரம் நேர்க்கோட்டில் நிற்காது, தொங்கும். கால் பங்கு சேர்த்தால் 40 அடி. மேடை முன்விளிம்பு 24 அடி, அதற்கும் கால் பங்கு சேர்த்தால் 30 அடி. மொத்தம் 70 அடி செண்டுமல்லிச் சரம். கோத்த சரம் அடி 40 ரூபாய் என்றால் 2,800. மல்லிகை வேண்டாம். மார்கழிப் பனியில் விளைச்சல் குறைந்து விலை எங்கேயோ நிற்கும், போதாததற்குத் தோரணத்தில் அதன் வாசனை யாருக்கும் தெரியப்போவதில்லை. விருந்தினருக்குக் கொடுக்க ரோஜாப் பூ போதும். செயற்கைப் பூச்சரம் வாடகைக்குக் கிடைக்கும். மேடையில் உயரமான இடத்துக்கு அதையும், வாசலுக்கு நிஜப் பூவையும் வைத்தால் வித்தியாசம் கண்ணில் படாது.

குலையோடு ஒரு ஜோடி வாழைமரம், பத்துக் கரும்பு, மாவிலையும் குருத்தோலையும் சேர்ந்த தோரணம் எல்லாமாக 3,500. திருச்சிப் பக்கம் தொட்டியம், லால்குடி என்று வாழை விளையும் ஊர்கள் இருப்பதால், தோட்டம் வைத்திருக்கும் காலனிக்காரர் ஒருவரிடம் கேட்டாலே மரம் வந்துவிடும். வண்டி வாடகை மட்டும் உங்களுடையது. துணி, தூண் சுற்று, ஆள் கூலி 6,000. வாசலிலிருந்து கேட் வரை சீரியல் செட் 2,200. கூட்டினால் 19,000.

அலங்காரக்காரரிடம் கடைசியாகக் கேட்க வேண்டியது: எப்போது கழற்றுவீர்கள்? இரவு பத்து மணிக்குக் கூடத்தைக் காலி செய்ய வேண்டியிருக்க, "காலையில வந்து எடுத்துக்கறோம்" என்றால் அடுத்த நாள் வாடகை உங்கள் தலையில். கழற்றும் நேரத்தையும் விலைப் பட்டியலிலேயே எழுதி வாங்கிவிடுங்கள்.

மைக்செட்: நிகழ்ச்சி நிரலைக் கையில் எடுத்துப் போங்கள்

மூன்றில் ஏமாறுவதற்கு வாய்ப்பு அதிகம் இதில்தான். ஏனென்றால் நாம் பேச வேண்டியது வாட்ஸ் இல்லை, மேடையில் ஒரே நேரத்தில் எத்தனை பேர் வாய் திறக்கிறார்கள் என்பது. நம் நிகழ்ச்சியைப் பாருங்கள். காலையில் பொங்கல் வைப்பது, கோலப் போட்டி: அறிவிப்புக்கு ஒரு கார்டுலெஸ் மைக் போதும். பிள்ளைகள் நடனம்: பாட்டு ஓட லேப்டாப் இணைப்பு, மேடையில் ஆடுபவருக்குக் கேட்க இரண்டு மானிட்டர். கும்மி: மேடை ஓரம் இரண்டு ஸ்டாண்டு மைக். பட்டிமன்றம்: நடுவருக்கு ஒன்று, பேசுபவர் நிற்கும் இடத்தில் ஒன்று, இரண்டு அணி மேசைகளிலும் ஒவ்வொன்று. பறையாட்டம், நாதஸ்வரம் தவிலுக்குக் கூடத்துக்குள் மைக்கே வேண்டாம். ஆக அதிகபட்சத் தேவை பட்டிமன்றத்தின் நான்கு மைக்தான். அதோடு உபரி ஒன்றிரண்டு. இதைச் சொன்னால் மைக்செட்காரர் 12 சேனல் மிக்சர், இரண்டு பெரிய பாக்ஸ், இரண்டு மானிட்டர் என்று சரியாக முடிப்பார். சொல்லாவிட்டால் கச்சேரிக்குப் போடுவதைக் கொண்டுவந்து இறக்கி, அதற்கான விலையையும் வாங்குவார்.

தகரக் கூரைக் கூடமாக இருந்தால் இன்னொரு விஷயம். எதிரொலி இருக்கும். பின்வரிசையில் "கேக்கல" என்று குரல் வந்தவுடன் சத்தத்தைக் கூட்டுவார்கள். கூட்டக் கூட எதிரொலியும் கூடிப் பேச்சு இன்னும் குழம்பும். அங்கே கேட்காதது சத்தம் குறைவாக இருப்பதால் இல்லை, தெளிவு இல்லாததால். பெரிய பாக்ஸுக்குப் பதில் கூடத்தின் பாதி தூரத்தில் இரண்டு சிறிய பாக்ஸ் வைத்து, எல்லாவற்றையும் தணிவாக ஓட விடச் சொல்லுங்கள். மைக் 'கூ...' என்று கூவினால், மைக் பாக்ஸுக்கு முன்னால் வந்துவிட்டது என்று பொருள். பாக்ஸ் எப்போதும் மேடை விளிம்புக்கு முன்னால், கூட்டத்தைப் பார்த்து இருக்க வேண்டும். கார்டுலெஸுக்குப் புது பேட்டரி அவர் செலவா நம் செலவா என்பதையும் பேசிவிடுங்கள். பட்டிமன்றத்தின் நடுவில் அது உயிரை விடும்.

காலை 8 முதல் இரவு 9 வரை வாடகை 14,000. ஆபரேட்டர் நாள் முழுக்க இருப்பாரா, வயரை மாட்டிவிட்டுப் போய்விடுவாரா என்று கேளுங்கள். இருப்பவருக்குப் படி, சாப்பாடு 1,000. வண்டி 1,000. ஜெனரேட்டர் நிற்கும் வாடகை 4,000, டீசல் 2,000. மொத்தம் 22,000. டீசல் ஓடிய நேரத்துக்கா, மொத்தமாகவா என்று தெளிவாக்கிக்கொள்ளுங்கள்.

அனுமதியும் செலவில்லாத ஆனால் நாள் பிடிக்கும் வேலை. 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகளின்படி ஒலிபெருக்கி வைக்க எழுத்துப்பூர்வ அனுமதி வேண்டும். காவல் நிலையத்தில் முன்கூட்டியே மனுக் கொடுங்கள். இரவு 10 முதல் காலை 6 வரை ஒலிபெருக்கிக்குத் தடை. சமுதாயக் கூடம் போன்ற மூடிய இடத்தின் உள்ளே பயன்படுத்துவதற்கு மட்டும் அந்த நேரத் தடையில் விலக்கு உண்டு. ஆனால் "வெளியில இருக்கறவங்களுக்கும் கேக்கட்டும்" என்று வாசலில் ஒரு பாக்ஸ் வைத்தால் அந்த விலக்கு போய்விடும். பக்கத்தில் மருத்துவமனையோ பள்ளியோ இருந்தால் கட்டுப்பாடு இன்னும் கூடும்.

வீட்டுக்கு எவ்வளவு?

அழைப்பிதழ் 5,000, அலங்காரம் 19,000, மைக்செட் 22,000. மூன்றும் 46,000. கூடத்தின் வாடகையும் கரண்டும் 12,000 என்றால் 58,000. எதிர்பாராததற்குப் பத்தில் ஒரு பங்கு 5,800. மொத்தம் 63,800. மதியச் சாப்பாட்டை இதில் சேர்க்காதீர்கள். அதைக் கூப்பன் போட்டுத் தனியாக நடத்துங்கள். ஒரு வீட்டில் இரண்டு பேர், இன்னொரு வீட்டில் எட்டுப் பேர் என்றிருக்கும்போது வீட்டுக் கணக்கில் சாப்பாட்டை ஏற்றினால் முணுமுணுப்புதான் மிஞ்சும்.

இப்போது 63,800-ஐ 180-ஆல் வகுத்தால் வீட்டுக்கு ஏறத்தாழ 355 ரூபாய் வரும். பெரும்பாலான கமிட்டிகள் இங்கேதான் சறுக்குகின்றன. பூட்டிக் கிடக்கும் வீடு, பொங்கலுக்குச் சொந்த ஊர் போகிறவர், "அப்புறம் வாங்க" என்பவர் எல்லோரும் அந்த 180-க்குள் இருக்கிறார்கள். போன வருட ரசீது அடிக்கட்டையை எடுத்து எத்தனை வீடு நிஜமாகக் கொடுத்தது என்று எண்ணிப் பாருங்கள். பத்துக்கு ஏழு வீடு என்று வந்தால் 126 வீடு. அந்த 126 வீட்டில் ஆளுக்கு 355 வாங்கினால் 44,730தான் தேறும். ஏறத்தாழ 19,000 துண்டு விழும். 63,800-ஐ 126-ஆல் வகுத்தால் 506. ஆகவே கேட்க வேண்டியது 500. மிச்சம் இருக்கும் சில நூறு ரூபாயைக் கடைக்காரர் நன்கொடை பார்த்துக்கொள்ளும். அந்த நன்கொடையை மதிப்பீட்டின் வரவுப் பக்கத்தில் முன்கூட்டியே எழுதாதீர்கள், கையில் வந்தபின் எழுதுங்கள்.

500 அதிகம் என்று கூட்டத்தில் பேச்சு வந்தால், தொகையைக் குறைக்காமல் செலவைக் குறையுங்கள். பின்திரையை 16 x 8 ஆக்கினால் எவ்வளவு, ஜெனரேட்டரை விட்டால் எவ்வளவு என்று பட்டியல் கையில் இருக்கும்போது அந்தப் பேச்சு பத்து நிமிடத்தில் முடிந்துவிடும்.

வசூலுக்குப் போவது

முன்பணம் கேட்பவர்களுக்குக் கொடுக்கவே முதல் வாரத்தில் ஒரு 20,000 தேவைப்படும். வசூல் அதற்குள் வராது. கமிட்டி உறுப்பினர்கள் தங்கள் பங்கை முதலில் போட்டு, முதல் ரசீதுகளைத் தங்கள் பெயரிலேயே கிழித்துக்கொள்ள வேண்டும். இதில் இன்னொரு பலனும் இருக்கிறது. ரசீதுப் புத்தகத்தை நீட்டினால் மக்கள் செய்யும் முதல் காரியம், முந்தைய அடிக்கட்டையைப் புரட்டிப் பார்ப்பதுதான். அங்கே 200 இருந்தால் 200தான் வரும். 1,001 இருந்தால் 500-க்குக் குறைய அவர்களுக்கே கூச்சம்.

புத்தகத்தில் வரிசை எண் அச்சாகி இருக்க வேண்டும். எந்தத் தெருவுக்கு எந்தப் புத்தகம், யார் கையில் என்று ஒரு நோட்டில் குறித்துக் கையெழுத்து வாங்குங்கள். தவறாக எழுதிய ரசீதைக் கிழித்துப் போடாமல், இரண்டு பாகத்திலும் "ரத்து" என்று எழுதிப் புத்தகத்திலேயே வைக்க வேண்டும். இரண்டு பேராகப் போங்கள், ஒருவர் பேச, ஒருவர் எழுத. மாதத்தின் முதல் பத்து நாளுக்குள், ஞாயிறு காலை பத்திலிருந்து பன்னிரண்டுக்குள் போவது நல்லது. செவ்வாய், வெள்ளி விளக்கு வைத்தபின் போனால் பல வீடுகளில் பணம் கொடுக்க மாட்டார்கள், கேட்டவருக்கும் ஒரு மாதிரி ஆகிவிடும். அந்த வருடம் துக்கம் நடந்த வீட்டுக்குப் பொங்கல் கிடையாது. அங்கே வசூலுக்குப் போகக் கூடாது. அவர்களாக அழைத்துக் கொடுத்தால் வாங்கிக்கொள்ளலாம். இந்த வீடுகளின் பட்டியலை அந்தத் தெருவில் வெகுநாளாக இருக்கும் ஒருவரிடம் முதலிலேயே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

இப்போது பாதிப் பணம் யு.பி.ஐ.யில்தான் வரும். க்யூ.ஆர். சங்கக் கணக்குக்கானதாக இருக்கட்டும். சங்கத்துக்குக் கணக்கு இல்லையென்றால், வேறு எதற்கும் பயன்படுத்தாத ஒரு சேமிப்புக் கணக்கு. உங்கள் சம்பளக் கணக்கில் விழா வசூல் விழுந்தால், பால் பாக்கியும் பந்தல் பாக்கியும் கலந்துவிடும். அனுப்பியவர் காட்டும் ஸ்கிரீன்ஷாட்டைப் பார்த்து ரசீது எழுதாதீர்கள், கணக்கில் வந்ததைப் பார்த்தபின் எழுதுங்கள். ரசீதில் பரிவர்த்தனை எண்ணின் கடைசி நான்கு இலக்கத்தைக் குறித்தால் பின்னால் ஒத்துப் பார்க்க எளிது. பெயர் வேறாக வரும். பையன் அனுப்பியிருப்பான், வீடு அப்பா பெயரில் இருக்கும். அதனால் வீட்டு எண்ணைக் குறிப்பில் போட்டு அனுப்பச் சொல்லுங்கள்.

கடைக்காரர்கள் பணத்துக்குப் பதில் பொருளாகத் தரலாம். ஒருவர் கரும்பு தருவார், ஃபிளெக்ஸ் கடைக்காரர் பின்திரையைத் தருவார். அதையும் விலை போட்டு வரவில் ஒருமுறை, செலவில் ஒருமுறை எழுதுங்கள். இல்லாவிட்டால் அடுத்த வருடப் பொருளாளர் உங்கள் கணக்கைப் பார்த்து, பின்திரைக்குச் செலவே இல்லை என்று நினைத்துக்கொள்வார். பெரிய கடைகள் வருமானவரிச் சலுகைக்கான ரசீது கேட்டால், அதற்கான பதிவு பெற்ற அமைப்பு மட்டுமே தர முடியும், நம் ரசீது அதற்கு உதவாது என்று முன்பே சொல்லிவிடுங்கள்.

விழா நாளில் கூடத்தைத் திறந்தவுடன் மின் மீட்டரைப் போட்டோ எடுங்கள், பூட்டும்போது இன்னொன்று. மைக்செட்காரருக்கும் அலங்காரக்காரருக்கும் பாக்கியைக் கூடம் காலியான பிறகு கொடுத்து, கையோடு முழுத்தொகைக்கும் பில் வாங்கிக்கொள்ளுங்கள். அடுத்த ஞாயிறு ஒரே பக்கத்தில் வரவு செலவு எழுதி அறிவிப்புப் பலகையில் ஒட்டலாம். கூடத்தின் முன்பணம் கைக்கு வர இன்னும் சில நாள் ஆகும். அதுவரை அதை "வரவேண்டியது" என்று தனி வரியில் காட்டிவிட்டு, வந்த அன்று கணக்கை முடியுங்கள்.